மகளே, பெட்டியைப் பிரிக்கும் முன் இதைப் படி

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. பண்டிகைத் துணிகளை நாளைக் காலை பார்சலில் போடப் போகிறேன். இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன், நீ முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும். போனில் படம் அனுப்பினால் போதுமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போன மாதம் படம் அனுப்பித்தான் பார்த்தோமே. நான் அனுப்பிய படத்தில் நீ நீலம் பார்த்தாய், கடையில் நான் பார்த்தது அரக்கு கலந்த ஊதா, வீட்டு வாசலில் வெயிலில் பார்த்தபோது அது இரண்டுமே இல்லை. ஒரு துணியின் நிறத்தையும் நூலையும் படம் சரியாகச் சொல்லாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதனால் இந்த முறை ஒவ்வொன்றையும் எழுத்தில் சொல்கிறேன். நடந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் நீயும் அங்கே ஒருநாள் தனியாகத்தான் துணி வாங்கப் போவாய். எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஆறு மாதமாகச் சேர்த்த பணத்தில் பெரும்பகுதி போயிருக்காது.

உனக்குத் தெரியும், இத்தனை வருஷமும் துணி எடுக்க அப்பா கூடவே வருவார். நிறத்தை நான் பார்ப்பேன், துணியை அவர் தொட்டுப் பார்த்துச் சொல்வார். இந்த வருஷம் முழங்கால் வலியால் அவரால் படி ஏற முடியவில்லை. நான் மட்டும் போனேன். அதுவும் வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு, சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு. முதல் தவறு அங்கேயே தொடங்கியது.

நீ கத்தரிப்பூ நிறத்தில் பட்டு வேண்டும் என்று கேட்டிருந்தாய். கடைப் பையன் பத்துப் புடவை பிரித்துப் போட்டான். ஒன்று மட்டும் கண்ணை இழுத்தது. உடல் முழுக்க ஆழ்ந்த ஊதா, அதில் ஒரு அரக்குச் சாயல், கரையில் பொன் சரிகை. கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போனது. சுத்தப் பட்டா என்று கேட்டேன். "பட்டுதாம்மா, பாருங்க" என்று மோதிரத்தைக் கழற்றி முந்தானையை அதற்குள் விட்டு இழுத்துக் காட்டினான். அது தடங்காமல் வந்தது. நான் நம்பிவிட்டேன். மோதிரத்துக்குள் நுழைவது துணி எவ்வளவு மெல்லிசு, எவ்வளவு வழவழப்பு என்பதைத்தான் காட்டும். மெல்லிய பாலியெஸ்டரும் அதேபோல நுழையும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு மனசு நிறைந்து, இருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு, உன் முகத்தை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் குட்டிக்கு அதே நிறத்தில் பாவாடை தைக்கத் துணி தேடிப் போனேன். புடவையை எடுத்துப் போய் இன்னொரு கடையில் வைத்து ஒத்துப் பார்த்தேன். ஒரு துணி அப்படியே பொருந்தியது, எது புடவை எது பாவாடைத் துணி என்று தெரியாத அளவுக்கு. அதையும் வெட்டி வாங்கினேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு உனக்குப் படம் எடுக்கலாம் என்று இரண்டையும் வாசல் திண்ணையில் போட்டேன். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. புடவையில் இருந்த அரக்குச் சாயல் எங்கே போனதென்றே தெரியவில்லை. சாம்பல் கலந்த நீல ஊதாவாக இருந்தது. பாவாடைத் துணியோ சிவப்பு ஊதா. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. துணியை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். சாயங்காலம் வீட்டில் மஞ்சள் பல்பின் கீழே மறுபடி போட்டுப் பார்த்தால், இரண்டும் ஒன்றாகிவிட்டன.

காரணத்தைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தையற்கார அம்மாதான் விளக்கினார். மஞ்சள் விளக்கில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. அந்த வெளிச்சத்தில் ஊதாவுக்குள் இருக்கும் சிவப்பு எழுந்து நிற்கும், நீலம் அடங்கிப் போகும். அதனால் எந்த ஊதாவும் அரக்கு மாதிரித் தெரியும். வாசலில் பகல் வெளிச்சம் எல்லா நிறத்தையும் கொண்டுவருவதால் அடங்கியிருந்த நீலம் வெளியே வந்துவிடும். இரண்டு துணி ஒத்துப்போன விஷயமும் அப்படித்தான். வேறு வேறு இடத்தில், வேறு வேறு சாயம் கலந்து நனைத்த துணிகள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்து, இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். ஊதா, பழுப்பு, சாம்பல், கரும்பச்சை போன்ற கலப்பு நிறங்களில் இது அதிகம். பளிச்சென்ற மஞ்சளில் இவ்வளவு தெரியாது. ஆகவே ரவிக்கைக்கோ பாவாடைக்கோ நிறம் ஒத்துப் பார்க்க வேண்டுமானால் பகலில் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார். நேர் வெயிலில் வேண்டாம், அது கண்ணைக் கூசவைத்து நிறத்தை வெளுக்கடிக்கும். நல்ல வெளிச்சமான நிழலில் நின்று பார்ப்பதே சரி. காலை விடிந்ததும், மாலை மங்கும்போதும் வெயிலே சிவந்திருக்கும், அதனால் நடுப்பகலுக்குப் பக்கமாகப் போனால் நல்லது. அதன் பிறகு உள்ளே விளக்கடியிலும் ஒருமுறை பார்த்துக்கொள். நீ அங்கே புடவை கட்டுவது பெரும்பாலும் இரவு விழாவில், விளக்கு வெளிச்சத்தில்தானே. இரண்டு வெளிச்சத்திலும் பிடித்தால்தான் வாங்கு.

அந்தப் படத்தில் உனக்கு நீலமாகத் தெரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. போன் கேமரா வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். படம் முழுக்க ஒரே ஊதாத் துணி இருந்தால் எது வெள்ளை என்று அதற்குத் தெரியாமல் நிறத்தை எங்கேயாவது தள்ளிவிடும். இப்போது நான் படம் எடுக்கும்போது துணியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைக்கிறேன். வாசல் நிழலில், பிளாஷ் போடாமல் எடுக்கிறேன். படத்தில் அந்தத் தாள் வெள்ளையாகவே தெரிந்தால் துணி நிறமும் ஏறக்குறைய சரி. தாள் நீலம் அடித்திருந்தாலோ மஞ்சளாக இருந்தாலோ அந்தப் படத்தை நம்பாதே. அப்படியும் உன் போன் திரை வேறு, என் திரை வேறு. ஆகவே நம் இருவருக்கும் தெரிந்த ஒரு பொருளோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் எனக்கு இப்போது நம்பிக்கை.

சரி, நிறம் போனது போகட்டும், பட்டுதானே, நீ எப்படியாவது கட்டிக்கொள்வாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் அப்பாவுக்குச் சந்தேகம். புடவையைத் தொட்டுப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி மறுபடி தடவினார். "நூலை எரித்துப் பார்த்துவிடு" என்றார். முந்தானை ஓரத்தில் குஞ்சமாகத் தொங்கும் நூலில் ஒன்றைக் கத்தரித்து, சாமணத்தில் பிடித்து, தண்ணீர் வைத்த தட்டுக்கு மேலே தீயில் காட்டினேன். மெதுவாகச் சுருங்கி எரிந்தது. தீயை எடுத்ததும் அணைந்தது. முடி கருகும் வாடை வந்தது. நுனியில் இருந்த கரியை விரலில் தேய்த்தால் பொடியாகப் போனது. இதெல்லாம் பட்டின் அடையாளம்தான். அப்பாவும் தலையாட்டிவிட்டார். நான் நிம்மதியாகத் தையற்கார அம்மாவிடம் கொடுத்து ரவிக்கைத் துணியை வெட்டச் சொல்லிவிட்டேன். ஃபால்ஸும் அடிக்கச் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் அவரே வீடு தேடி வந்தார். கையில் ரவிக்கைத் துண்டு. "அக்கா, இஸ்திரிப் பெட்டி ஒட்டிக்கிச்சு, மன்னிச்சுக்கங்க" என்றார். மடிப்புத் தூக்குவதற்காகச் சூடு கொஞ்சம் கூட வைத்திருக்கிறார். ஓரிடத்தில் துணி பளபளவென்று இறுகி, கண்ணாடித்தாள் மாதிரி ஆகியிருந்தது. பட்டு அதிகச் சூட்டில் தீய்ந்து பழுப்பாகும், ஆனால் உருகி ஒட்டாது. உருகினால் அதில் பாலியெஸ்டரோ நைலானோ இருக்கிறது என்று அர்த்தம். அவர் வெட்டிய ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவினார், ஒன்று நீளவாக்கில், ஒன்று குறுக்குவாக்கில். நீளவாக்கு நூல் நான் பார்த்தபடியே முடி கருகும் வாடையோடு எரிந்தது. குறுக்கு நூல் தீயைக் கண்டதும் பின்வாங்கிச் சுருண்டது, கரும்புகை விட்டது, நுனியில் ஒரு கருமணி உருண்டு நின்றது. ஆறிய பிறகு நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது.

நான் எங்கே ஏமாந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. குஞ்சமாகத் தொங்குவது பாவு நூல் மட்டும். தறியில் நீளத்துக்குப் போட்டிருக்கும் நூல் அது. குறுக்கே ஓடுகிற ஊடை நூல் குஞ்சத்தில் வரவே வராது. என் புடவையில் பாவு பட்டு, ஊடை பாலியெஸ்டர். குஞ்சத்தை எத்தனை முறை எரித்திருந்தாலும் பட்டு என்றுதான் காட்டியிருக்கும். பாதித் துணியைப் பார்க்காமலே முழுத் துணிக்கும் தலையாட்டிவிட்டோம். இன்னொன்றும் தோன்றியது. பட்டும் பாலியெஸ்டரும் ஒரே வகைச் சாயத்தை ஏற்காது, இரண்டையும் தனித்தனியாகத்தான் சாயம் போட வேண்டும். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு ஊதாவும் பகலில் ஆளுக்கொரு பக்கம் போனதால்தான் புடவை அப்படிச் சாம்பல் அடித்திருக்க வேண்டும். வாசல் திண்ணையிலேயே அது எனக்குச் சொல்லிப் பார்த்தது, நான்தான் நிறத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கடைக்குப் போனேன். வெட்டியதை, ஃபால்ஸ் அடித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பில்லை நீட்டினேன். அதில் பட்டு என்ற வார்த்தையே இல்லை, வெறும் புடவை என்று மட்டும் போட்டிருந்தது. வாயால் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை. ரொம்ப நேரம் நின்று பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. வரும் வழியில் அழுதேன் கண்ணு, உன்னிடம் மறைக்கவில்லை. பணத்தைவிட, நீ ஆசையாகக் கேட்டதை நான் சரியாகப் பார்த்து வாங்கவில்லையே என்பதுதான் உறுத்தியது. கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அந்தத் துணி பெறாது என்று தையற்கார அம்மா சொன்னார். பணம் போக, நான்கு நடை, பத்து நாள். உனக்குப் பண்டிகைக்குள் பார்சல் சேர வேண்டிய கெடுவும் நெருங்கிவிட்டது.

அதனால் நீ பட்டு வாங்கும்போது இதை நினைவில் வை. நூல் எரித்துப் பார்ப்பதானால் இரண்டு நூலை எரி. துணியின் கெட்டியான ஓரம் இருக்கிறதல்லவா, அதற்கு இணையாக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. முந்தானை முனையில் குஞ்சம் தொடங்கும் இடத்தில் கடைசியாகக் குறுக்கே ஓடும் நூலின் நுனியை ஊசியால் நெம்பினால் ஒரு விரல் நீளம் வந்துவிடும், புடவைக்கு ஒன்றும் ஆகாது. சரிகை நூலைக் கலந்து எரிக்காதே. அதில் உலோகமோ பிளாஸ்டிக்கோ இருப்பதால் குழப்பும். செயற்கைப் பட்டு என்று சொல்லும் ரேயானாக இருந்தால் உருகாது, முடி வாடையும் வராது. காகிதம் போலச் சட்டென்று எரிந்து, காகிதம் எரிந்த வாடையோடு மெல்லிய சாம்பல் விடும். பருத்தியும் அப்படித்தான் எரியும், ஆகவே இந்தச் சோதனையில் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரே நூலுக்குள்ளேயே பட்டையும் பாலியெஸ்டரையும் சேர்த்து முறுக்கியிருந்தாலும் வாடை கலந்து வந்து ஏமாற்றும். அப்போது சாம்பலைத்தான் பார்க்க வேண்டும். பொடியாகாமல் உள்ளே கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் கலப்பு. ஒரு எச்சரிக்கை, உருகிச் சொட்டும் நூல் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். குட்டி பக்கத்தில் இருக்கும்போது செய்யாதே, கையால் பிடித்தும் செய்யாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபால்ஸ் அடிப்பதற்கும் ரவிக்கை வெட்டுவதற்கும் முன்னாலேயே செய்துவிடு. பில்லில் பாவு என்ன, ஊடை என்ன என்று எழுதி வாங்கு. எழுதத் தயங்கினால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடு.

அப்புறம், இரண்டாவது முறை புடவை எடுக்கப் போனபோது அப்படித்தான் செய்தேன். பகல் பதினொரு மணிக்குப் போனேன். ஊசியும் ஒரு சின்ன வெள்ளைத் துணியும் கைப்பையில். ஒரு கடையில் நூல் எடுக்கக் கூடாது என்றார்கள், பேசாமல் இறங்கிவிட்டேன். அடுத்த கடையில் ஒரு பெரியவர் இருந்தார். நான் கேட்டதும் அவரே ஊசி வாங்கி, உடல் பக்கத்து முனையிலிருந்து இரண்டு நூலையும் எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் முற்றத்தில் போய் எரித்துப் பாருங்கள் அம்மா என்றார். இரண்டும் பட்டு. பில்லிலும் எழுதிக் கொடுத்தார். கையில் மீதி இருந்த பணத்துக்கு முன்னால் பார்த்த மாதிரி அகலமான சரிகைக் கரை கிடைக்காது. கரை சின்னதாக இருந்தாலும் உடல் முழுவதும் பட்டாக இருக்கட்டும் என்று எடுத்தேன். நீ ஒத்துக்கொள்வாய் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தப் புடவையைச் சொல்கிறேன், கண்ணை மூடிப் பார்த்துக்கொள். கத்தரிப்பூ இல்லை. உடல் மயில்கழுத்து. பாவு நூல் நீலம், ஊடை நூல் பச்சை. அந்த நீலம் எது தெரியுமா, நீ பத்தாம் வகுப்பில் எழுதிய பேனா மை, தாளில் ஈரம் காயும் முன் இருக்குமே, அது. பச்சை, நம் கிணற்றடிப் பாசி வெயிலில் தெரியும் பச்சை, கிளிப்பச்சை அளவுக்குத் துள்ளாது. நேராகப் பார்த்தால் நீலமும் பச்சையும் கலந்து தெரியும். கையில் பிடித்துச் சாய்த்தால் ஒரு பக்கம் நீலம் ஓடும், இன்னொரு பக்கம் சாய்த்தால் பச்சை ஓடும். பாவும் ஊடையும் ஒன்றுக்கொன்று குறுக்கே கிடப்பதால் வெளிச்சத்தை வேறு வேறு திசையில் திருப்புகின்றன, அதனால் வரும் விளையாட்டு இது. கொசுவத்தில் மடிப்பு மடிப்பாக இது நன்றாகத் தெரியும். படத்தில் ஏதாவது ஒரு நிறம்தான் விழும், அதனால் நான் படமே எடுக்கவில்லை. இரட்டை நிறத்தில் இன்னொரு வசதி, எரிக்கும்போது எது பாவு எது ஊடை என்று நிறத்தை வைத்தே தெரிந்துவிட்டது. முதல் புடவையில் இரண்டும் ஊதா, அதனால்தான் நானும் அப்பாவும் குறுக்கு நூலைப் பற்றி நினைக்கவே இல்லை.

கரை இரண்டு விரல் அகலம், அரக்கு நிறம், அதில் நெருக்கமில்லாமல் சரிகைக் கோடு. முந்தானையும் அதே அரக்கு. அரக்கு என்றால் சிவப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. பாட்டியின் மரப்பெட்டி மூடியில் பழைய வார்னிஷ் இருக்குமே, அந்த ஆழம். துணி கொஞ்சம் கெட்டி. புதிதில் விறைப்பாக நிற்கும், இரண்டு மூன்று முறை கட்டினால் அடங்கும். ரவிக்கைத் துணி புடவையோடு ஒட்டியே இருக்கிறது, நான் வெட்டவில்லை. நீ அங்கேயே அளவு கொடுத்துத் தைத்துக்கொள். தைப்பவரிடம் பட்டு என்று சொல்லிவிடு. இஸ்திரியை மிதமான சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத்தான் வைக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்குப் பருத்திச் சட்டை, இளஞ்சந்தன நிறம். வெள்ளைதான் கேட்டார், ஆனால் உன் புடவையின் அரக்குக் கரைக்குப் பக்கத்தில் தூய வெள்ளை கடுமையாகத் தெரிந்தது. சட்டையில் பிரச்சினை எதுவும் இல்லை. ஒரு சுற்று துவைத்துக் காயப்போட்டுத்தான் அனுப்புகிறேன், சுருங்க வேண்டியது சுருங்கிவிட்டது.

குட்டியின் பாவாடையில்தான் மறுபடி ஒரு பாடு. அந்த ஊதாத் துணியை ஓரமாக வைத்துவிட்டேன், உன் புடவைக்கு அது ஆகாது. பதிலாகச் செம்பருத்திச் சிவப்பில் மெல்லிய பருத்தி வாங்கினேன், மேல்சட்டைக்குப் பாலாடை நிறம். குழந்தைக்கு உறுத்தாது என்பதால் பருத்தி. தைப்பதற்கு முன்னால் துவைத்துச் சுருக்கம் எடுக்க வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாக நனைத்து விட்டேன். தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டேன், சாயம் நிற்கும் என்று நாம் காலங்காலமாகச் செய்வதுதானே. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் தண்ணீர் சிவப்பு, பாலாடைத் துணியில் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு. அந்தத் துணியும் போயிற்று.

உப்பு சாயத்தை நிறுத்தாது கண்ணு. சாயம் போடும் தொட்டியில் உப்பு போடுவார்கள், அது சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்காக. வேலை முடிந்து வந்த துணியில் மேலோடு ஒட்டியிருக்கும் உபரிச் சாயத்தை வீட்டில் போடும் ஒரு கைப்பிடி உப்போ வினிகரோ கட்டிவைக்காது. உபரி வெளியே போயே தீரும், போகும்போது பக்கத்தில் வெளிர்த் துணி இருந்தால் அதில் ஏறிக்கொள்ளும். ஊறவைத்ததுதான் பெரிய தவறு. ஈரத்தோடு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்த நேரம் முழுக்கச் சாயம் நகர்ந்திருக்கிறது. பிறகு சிவப்புத் துணியை மட்டும் தனியாக, குளிர்ந்த தண்ணீரில், ஊறவைக்காமல் அலசினேன். ஐந்தாவது தண்ணீரில்தான் தெளிந்தது. அலசியதும் பிழிந்து குவித்து வைக்காமல் உடனே நிழலில் விரித்துப் போட்டேன்.

தண்ணீர் தெளிந்துவிட்டது என்று அதோடு விடவில்லை. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, பாவாடைத் துணியின் உள்பக்கத்தில் அழுத்தி இருபது முறை தேய்த்துப் பார்த்தேன். லேசான ரோஜா நிறம் ஏறியது. இன்னும் இரண்டு முறை அலசிய பிறகு வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்யலாம், அதற்குத்தான் இரண்டாவது நடையில் பையில் வெள்ளைத் துணி வைத்திருந்தேன், ஆனால் புடவைச் சந்தோஷத்தில் பாவாடைத் துணிக்குச் செய்ய மறந்துவிட்டேன். காய்ந்த துணியால் தேய்ப்பதோடு நிறுத்திவிடாதே, ஈரத்தில்தான் முழுசாகத் தெரியும். கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றுக்கும் கட்டாயம் செய். ஒரே துணியில் சிவப்புக் கரையும் வெளிர் உடலும் இருந்தால் இன்னும் கவனம், ஏனென்றால் அதைப் பிரித்துத் துவைக்க வழியில்லை. பட்டை மட்டும் கடையில் ஈரத்தால் தேய்க்காதே, தண்ணீர்க் கறை விழும், அவர்களும் சம்மதிக்க மாட்டார்கள். உன் புடவையை முதல் இரண்டு முறையாவது வீட்டில் நனைக்காமல் உலர் சலவைக்கே கொடு.

பாலாடைத் துணி புதிதாக வாங்கித் தைத்தாயிற்று. பாவாடையில் உள்பக்கமாக மூன்று மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன், குட்டி வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். பிரிக்கும்போது மடிப்புக்குள் இருந்த இடம் கொஞ்சம் அடர் சிவப்பாகத் தெரியும், வெளிச்சம் படாமல் இருந்ததால். துவைக்கத் துவைக்க வித்தியாசம் மெல்லக் குறையும். இந்த முதல் பண்டிகைக்குப் பிறகு பாவாடையைச் சட்டையோடு சேர்த்து மெஷினில் போட்டுவிடாதே, நான் எவ்வளவு அலசியிருந்தாலும் வெந்நீர் பட்டால் மறுபடி விடலாம்.

புடவையைப் பிளாஸ்டிக் உறையில் வைக்கவில்லை, உள்ளே ஈரம் தங்கும். துவைத்துக் காய்ந்த பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றியிருக்கிறேன், அதன் மேல்தான் உறை. வந்ததும் உறையை மட்டும் எடுத்துவிடு, வேட்டித் துணி இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பழைய மடிப்பு வராமல் வேறு இடத்தில் மடித்து வை. ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் சரிகையும் பட்டும் அந்தக் கோட்டிலேயே நைந்து போகும்.

முதலில் வாங்கிய அந்த ஊதாப் புடவையை என்ன செய்தாய் என்று கேட்பாய். அதை நானே கட்டிக்கொள்ளப் போகிறேன். ரவிக்கை வேறு துணியில் தைக்கக் கொடுத்திருக்கிறேன். இரவு பூஜைக்கு, விளக்கு வெளிச்சத்தில், அது அரக்காகத்தான் தெரியும்.

பெட்டியைப் பிரித்ததும் புடவையைச் சன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார். அங்கே இப்போது சீக்கிரம் இருட்டிவிடும் என்று சொன்னாய், வேலை இல்லாத நாளில் மதியம் பிரி. இந்தத் தாளின் அடியில் இரண்டு நூல் ஒட்டியிருக்கிறேன், கடையில் எரித்ததில் மிச்சம். நீலம் பாவு, பச்சை ஊடை. ரவிக்கைக்கு உள்துணியோ, குட்டி தலையில் கட்டும் ரிப்பனோ வாங்க வேண்டியிருந்தால் புடவையைத் தூக்கிக்கொண்டு அலையாதே, இந்தத் தாளைக் கையோடு கொண்டு போ.

அம்மா